HC-05 புளூடூத் மாட்யூலை ஆர்டுயினோவுடன் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக HC-05 வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் இரண்டு குழப்பங்களிலிருந்தே பிறக்கின்றன. மாட்யூலுக்கு மின்சாரம் தரும் முனை தாங்கும் வோல்ட்டை அதன் எல்லா முனைகளும் தாங்கும் என்று நினைப்பது ஒன்று. தரவு போகும் வேகத்தையும் கட்டளை போகும் வேகத்தையும் ஒன்றாக நினைப்பது மற்றொன்று. கீழே உள்ள விடைகள் 5 வோல்ட்டில் இயங்கும் ஆர்டுயினோ ஊனோவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

இந்த மாட்யூல் உண்மையில் என்ன செய்கிறது? என் நிரலில் புளூடூத் பற்றி ஏதாவது எழுத வேண்டுமா?

எதுவும் எழுத வேண்டாம். HC-05 ஒரு கண்ணுக்குத் தெரியாத சீரியல் கம்பி. ஊனோ ஒரு முனையில் எழுத்துகளை அனுப்பினால் அவை அப்படியே கைப்பேசியில் வந்து சேரும். அங்கே தட்டச்சு செய்தவை இங்கே வந்து சேரும். ஜோடி சேர்ப்பது, கடவு எண்ணைச் சரிபார்ப்பது, வானொலி அலையைக் கவனிப்பது எல்லாம் மாட்யூலுக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. உங்கள் நிரலுக்குத் தெரிவது ஒரு சாதாரண சீரியல் இணைப்பு மட்டுமே.

இது பழைய வகைப் புளூடூத் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியும் விண்டோஸ் கணினியும் இதனுடன் பேசும். ஐபோன் பேசாது. அதற்குக் குறைந்த ஆற்றல் புளூடூத் மாட்யூல்தான் வேண்டும். எவ்வளவு முயன்றாலும் HC-05-ஐ அப்படி மாற்ற முடியாது.

பலகையின் பின்புறம் 3.6 வோல்ட் முதல் 6 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறது. அப்படியென்றால் 5 வோல்ட் கொடுப்பதில் என்ன தவறு?

VCC முனைக்குக் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. அந்த அச்சு VCC-க்கு மட்டுமே பொருந்தும். நீல நிறப் பலகையில் 3.3 வோல்ட் சீராக்கி ஒன்று இருக்கிறது. நீங்கள் தரும் 5 வோல்ட்டைக் குறைத்து மேலே ஒட்டப்பட்டிருக்கும் சிறிய பச்சை மாட்யூலுக்குக் கொடுப்பது அதன் வேலை. சீராக்கி வேலை செய்யக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் தேவை என்பதால்தான் 3.6-இலிருந்து தொடங்குகிறது. VCC-ஐ ஊனோவின் 3.3 வோல்ட் முனையில் இணைப்பவர்களுக்கு இணைப்பு அடிக்கடி அறுந்துபோவதற்கு இதுவே காரணம்.

RXD, TXD முனைகள் சீராக்கியைத் தாண்டி நேராகச் சில்லுக்குப் போகின்றன. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பல பலகைகளில் அந்த முனைகளுக்கு அருகிலேயே `LEVEL:3.3V` என்று அச்சிட்டிருப்பது தெரியும். மின்சாரம் 5 வோல்ட், சைகை 3.3 வோல்ட். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எந்தக் கம்பி எங்கே போக வேண்டும்?

VCC ஊனோவின் 5 வோல்ட்டுக்கு. GND ஊனோவின் கிரவுண்டுக்கு. மாட்யூலின் TXD ஊனோவின் 10-ஆம் முனைக்கு நேராக. ஊனோவின் 11-ஆம் முனையிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை. அதன் மறுமுனையில் மாட்யூலின் RXD. அதே இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் மின்தடை. ஒருவர் அனுப்புவதை மற்றவர் பெற வேண்டும் என்பதால் TXD எப்போதும் எதிர்ப்பக்கத்தின் பெறும் முனைக்கே போகும்.

சோதனைக்கு இந்தச் சிறிய நிரல் போதும். கணினியில் தட்டுவதை மாட்யூலுக்கும், மாட்யூல் சொல்வதைக் கணினிக்கும் கடத்துவது மட்டுமே இதன் வேலை:

```
#include <SoftwareSerial.h>
SoftwareSerial bt(10, 11);

void setup() {
  Serial.begin(9600);
  bt.begin(9600);
}

void loop() {
  if (bt.available()) Serial.write(bt.read());
  if (Serial.available()) bt.write(Serial.read());
}
```

அடைப்புக்குறிக்குள் முதலில் வருவது ஊனோ பெறும் முனை, இரண்டாவது அனுப்பும் முனை.

நான் மின்தடை எதுவும் வைக்காமல் நேராக இணைத்தேன். நன்றாகவே வேலை செய்கிறது. பிறகு எதற்கு இந்தத் தொல்லை?

வேலை செய்யும் என்பது உண்மைதான். பல நாள் கூடச் செய்யும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். சில்லுகளின் உள்ளீட்டு முனைகளில் பொதுவாக மின்வழங்கலை நோக்கி ஒரு காப்பு டயோடு இருக்கும். முனைக்கு வரும் வோல்ட், சில்லின் சொந்த 3.3 வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் உயர்ந்தால் அந்த டயோடு திறந்து, மிகுதி மின்னோட்டத்தை மின்வழங்கல் பக்கம் தள்ளும். திடீரென வரும் நிலைமின் அதிர்ச்சியைச் சமாளிக்க வைத்தது அது. தொடர்ந்து சுமை தாங்க வைத்ததல்ல.

சீரியல் கம்பி சும்மா இருக்கும்போது உயர்நிலையில்தான் இருக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எழுத்து எதுவும் அனுப்பாவிட்டாலும், ஊனோ இயங்கும் ஒவ்வொரு நொடியும் RXD-இன் மேல் 5 வோல்ட் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அனுப்பும் நேரத்தில் மட்டுமே ஆபத்து என்று நினைத்து அசட்டையாக இருக்காதீர்கள். இரண்டு சிறு மின்தடைகளுக்காக ஒரு மாட்யூலைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னிடம் 2 கிலோ ஓம் மின்தடை இல்லை. வேறு எதைப் பயன்படுத்தலாம்? சரியாக இணைத்தேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விகிதம்தான் முக்கியம். RXD-இலிருந்து கிரவுண்டுக்குப் போகும் கீழ் மின்தடை, 11-ஆம் முனையிலிருந்து வரும் மேல் மின்தடையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருக்க வேண்டும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் வைத்தால் 5 × 2 ÷ 3 = 3.33 வோல்ட். இரண்டு 1 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்தாலே அந்த 2 கிலோ ஓம் கிடைத்துவிடும். 4.7 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் வைத்தால் 3.40 வோல்ட்; அதுவும் சரி. 10, 20 கிலோ ஓம் வரை போகலாம். நூற்றுக்கணக்கான கிலோ ஓமுக்குப் போகாதீர்கள்: கம்பியிலும் முனையிலும் இருக்கும் சிறிய மின்தேக்குத் திறன் நிரம்ப நேரமெடுத்து, அதிக வேகத்தில் சைகையின் ஓரங்கள் மழுங்கிவிடும்.

சரிபார்ப்பதற்கு மல்டிமீட்டர் போதும். முந்தைய விடையில் சொன்னபடி சும்மா இருக்கும் கம்பி உயர்நிலையில் இருக்கும். ஆகவே எதையும் அனுப்பாமல் RXD-க்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். 3.3-ஐ ஒட்டி வந்தால் சரி. 1.7-ஐ ஒட்டி வந்தால் இரண்டு மின்தடைகளும் இடம் மாறியிருக்கின்றன. 5 வோல்ட் வந்தால் கீழ் மின்தடையின் கால் கிரவுண்டைத் தொடவில்லை. பிரெட்போர்டில் ஒரு வரிசை தள்ளிச் செருகினாலே இப்படி ஆகும். நான் எப்போதும் RXD கம்பியைச் செருகும் முன், அது போக வேண்டிய துளையில் ஒருமுறை அளந்துவிட்டே செருகுவேன்.

மாட்யூல் திருப்பி அனுப்புவது 3.3 வோல்ட்தானே? 5 வோல்ட் ஊனோவுக்கு அது போதுமா?

போதும், ஆனால் நூலிழை வித்தியாசத்தில். ஊனோவின் சில்லு தனது மின்வழங்கலில் 0.6 மடங்குக்கு மேல் இருப்பதை உறுதியாக உயர்நிலை என்று ஏற்கும். 5 வோல்ட்டுக்கு அது 3.0 வோல்ட். மாட்யூல் தருவது 3.3. இடைவெளி வெறும் 0.3 வோல்ட். மேசைமேல் குட்டைக் கம்பிகளுடன் இது எந்தத் தொந்தரவும் தராது. மோட்டார் ஓடும் வண்டியில் நீளமான கம்பியோடு வைத்தால் இரைச்சலில் எழுத்துகள் சிதையலாம். அங்கே 3.3 வோல்ட் சைகையை 5 வோல்ட்டாக உயர்த்தும் நிலைமாற்றி ஒன்றைப் போடுவது நல்லது.

பாதுகாப்பு என்று எண்ணி TXD கம்பியிலும் அதே மின்தடைப் பிரிப்பைச் சிலர் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 3.3 என்பது 2.2 ஆகக் குறைந்து, தேவையான 3.0-ஐ எட்டாது. கைப்பேசிக்கு எழுத்து போகிறது, அங்கிருந்து எதுவும் வருவதில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். உங்கள் பலகையே 3.3 வோல்ட்டில் இயங்குவதாக இருந்தால் எந்தப் பக்கமும் மின்தடை வேண்டாம்.

0, 1 முனைகளில் இணைத்தால் நிரல் ஏறவே மாட்டேன் என்கிறது. மாட்யூல் கெட்டுவிட்டதா?

இல்லை. அந்த இரண்டு முனைகளையும் ஊனோ கணினியுடன் பேசுவதற்கும் பயன்படுத்துகிறது. மாட்யூலின் TXD அங்கே உயர்நிலையை வலுவாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் கணினி அனுப்பும் நிரல் சில்லைச் சென்றடையாது. திரையில் இப்படி வரும்:

```
avrdude: stk500_getsync() attempt 1 of 10: not in sync
```

நிரல் ஏற்றும்போது TXD கம்பியைக் கழற்றிவிட்டுப் பிறகு செருகலாம். அதைவிட 10, 11 முனைகளுக்கு மாறிவிடுவதே நிம்மதி. ஒரே வரம்பு, மென்பொருள் சீரியல் 115200 வேகத்தில் நம்பகமாக இயங்காது. 9600, 19200, 38400 ஆகிய வேகங்களில் நின்றுகொள்ளுங்கள்.

கட்டளை நிலை என்கிறார்களே, அது என்ன? அதற்குள் எப்படி நுழைவது?

சாதாரணமாக மாட்யூல் வரும் எழுத்துகளைப் படித்துப் பார்க்காமல் மறுபக்கம் அனுப்பிவிடும். கட்டளை நிலையில் அவற்றைத் தனக்கான உத்தரவாக எடுத்துக்கொள்ளும். பெயர், கடவு எண், வேகம் ஆகியவற்றை மாற்ற இந்த நிலை தேவை.

VCC கம்பியைக் கழற்றுங்கள். பலகையில் இருக்கும் சிறிய பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே VCC-ஐ மீண்டும் செருகுங்கள். பிறகு விரலை எடுங்கள். நிலையை விளக்கே சொல்லிவிடும்: விறுவிறுவென்று மின்னினால் சாதாரண நிலையில் ஜோடிக்காகக் காத்திருக்கிறது, இரண்டு விநாடி எரிந்து இரண்டு விநாடி அணைந்தால் கட்டளை நிலை.

இந்த நிலையில் மாட்யூல் எப்போதும் 38400 வேகத்தில்தான் பேசும். சாதாரண நிலைக்கு நீங்கள் என்ன வேகம் வைத்திருந்தாலும் இது மாறாது. ஆகவே மேலே உள்ள நிரலில் `bt.begin(9600)` என்பதை `bt.begin(38400)` என்று மாற்றி ஏற்றுங்கள். `Serial.begin` கணினிக்கும் ஊனோவுக்கும் இடையிலான வேகம். அதைத் தொட வேண்டாம்.

பொத்தானை அழுத்திக்கொண்டுதான் செருகினேன். ஆனாலும் விளக்கு வேகமாகவே மின்னுகிறது.

VCC-ஐக் கழற்றிய பிறகு மாட்யூல் முழுமையாக அணைந்ததா என்று பாருங்கள். எனக்கு ஒரு முழு மாலை இதில் வீணானது. பத்துப் பதினைந்து முறை கழற்றிச் செருகியும் மாட்யூல் கட்டளை நிலைக்குப் போகவில்லை. விளக்கைக் கையால் மறைத்து நிழலில் பார்த்தபோதுதான், VCC இல்லாமலே அது மங்கலாக ஒளிர்வது தெரிந்தது. ஊனோவின் 11-ஆம் முனையிலிருந்து மின்தடை வழியாக RXD-க்கு வந்த மின்னோட்டம், மேலே சொன்ன காப்பு டயோடு வழியாக மாட்யூலைப் பாதி உயிரோடு வைத்திருந்தது. அணையாத ஒன்று புதிதாகத் தொடங்குவது எப்படி?

VCC-உடன் RXD கம்பியையும் கழற்றிவிட்டு, சில விநாடிகள் பொறுத்து, பொத்தானை அழுத்தியபடி முதலில் VCC, அடுத்து RXD என்று செருகினால் சரியாகிவிடும்.

விளக்கு மெதுவாகத்தான் மின்னுகிறது. ஆனால் `AT` என்று அனுப்பினால் பதிலே வரவில்லை.

மூன்று இடங்களை இந்த வரிசையில் பாருங்கள். சீரியல் மானிட்டரில் வரி முடிவு `Both NL & CR` என்று இருக்க வேண்டும். HC-05 கட்டளை முடிந்ததை அந்த இரண்டு எழுத்துகளை வைத்தே அறிகிறது. அவை வராவிட்டால் நீங்கள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எண்ணிக் காத்திருக்கும். அடுத்து, நிரலில் 38400 இருக்கிறதா என்பது. கடைசியாக TXD, RXD இடம் மாறியிருக்கின்றனவா என்பது.

பதில் வராமல் இருப்பதும் `ERROR:(0)` என்று வருவதும் வேறு வேறு. பிழை வந்தால் மகிழுங்கள்: கம்பியும் வேகமும் சரி, மாட்யூல் கேட்கிறது, கட்டளைதான் அதற்குப் புரியவில்லை. முதல் தடவை அனுப்பும்போது, அதற்கு முன் கம்பி செருகும்போது விழுந்த குப்பை எழுத்துகளும் சேர்ந்து போய் இந்தப் பிழை வருவது சகஜம். அதே கட்டளையை மறுபடி அனுப்புங்கள். பெரும்பாலும் `OK` வந்துவிடும்.

பெயர், கடவு எண், வேகம் மூன்றையும் ஒரே தடவையில் மாற்ற வேண்டும். வரிசையாகக் காட்ட முடியுமா?

கீழே இருப்பது தோட்டத்து ஈரப்பத அளவிக்காக ஒரு மாட்யூலை நான் அமைத்த விதம். ஒவ்வொரு கட்டளைக்குக் கீழும் மாட்யூல் தந்த பதில் இருக்கிறது:

```
AT
OK
AT+UART?
+UART:9600,0,0
OK
AT+PSWD?
+PIN:"1234"
OK
AT+NAME=THOTTAM
OK
AT+PSWD="4826"
OK
AT+UART=19200,0,0
OK
AT+RESET
OK
```

மாற்றுவதற்கு முன் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். கடவு எண்ணைக் கேட்டபோது மேற்கோள் குறிகளோடு பதில் வந்ததால், கொடுக்கும்போதும் மேற்கோள் குறி வைத்தேன். பழைய பதிப்பு மாட்யூல்கள் குறியில்லாமல் பதில் தரும். அவற்றுக்குக் குறியில்லாமலே கொடுங்கள். வேகத்துக்குப் பின் வரும் இரண்டு சுழியங்கள் முறையே ஒரு நிறுத்த பிட், சமநிலை பிட் இல்லை என்பதைக் குறிக்கின்றன. 19200 என்று மாற்றிய பிறகும் `AT+RESET` கட்டளைக்கு 38400 வேகத்திலேயே பதில் வந்ததைக் கவனியுங்கள். புதிய வேகம் சாதாரண நிலைக்கு மட்டுமே. ஆகவே ஊனோவில் ஓடப்போகும் உண்மையான நிரலில் `bt.begin(19200)` என்று எழுத வேண்டும்.

கைப்பேசி ஏற்கெனவே ஜோடி சேர்ந்திருந்தால் பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே அந்த ஜோடியை நீக்கிவிட்டு மறுபடி தேடுங்கள்.

யாரோ வேகத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது குப்பை எழுத்துகளாக வருகின்றன. பழைய வேகம் எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு வேகமாக முயன்று பார்க்க வேண்டாம். கட்டளை நிலையின் 38400 எப்போதும் மாறாது என்று மேலே சொன்னது இங்கேதான் கைகொடுக்கிறது. பொத்தானை அழுத்தி உள்ளே போய் `AT+UART?` என்று கேளுங்கள், மாட்யூலே சொல்லிவிடும். எல்லாமே குழம்பிக் கிடந்தால் `AT+ORGL` அதைத் தொடக்க அமைப்புக்குத் திருப்பிவிடும். அதன் பிறகு வேகத்தை மறுபடி ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

`AT` கட்டளைக்கு `OK` வருகிறது. ஆனால் `AT+NAME?` கட்டளைக்கு மட்டும் பதில் இல்லை. இது எப்படிச் சாத்தியம்?

நீங்கள் மின்சாரம் கொடுத்த பிறகு பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அதுவும் ஒருவகைக் கட்டளை நிலைதான், ஆனால் அரைகுறையானது. அதில் மாட்யூல் 38400-இல் பேசாமல் சாதாரண நிலையின் வேகத்திலேயே பேசும். விளக்கும் மெதுவாக மின்னாது. சில கட்டளைகளை, பெயர் கேட்பதும் அவற்றில் ஒன்று, பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும் வரை மட்டுமே ஏற்கும். பொத்தானைப் பிடித்துக்கொண்டே அதே கட்டளையை அனுப்பிப் பாருங்கள், பதில் வரும். நிதானமாக வேலை செய்ய வேண்டுமென்றால் மின்சாரத்தைத் துண்டித்து முழு நிலைக்குள் நுழைவதே நல்லது.

என் மாட்யூலில் பொத்தானே இல்லை. நான்கு முனைகள்தான் இருக்கின்றன.

அது பெரும்பாலும் HC-06. வோல்ட் பற்றிச் சொன்ன எல்லாமே அதற்கும் பொருந்தும். கட்டளை பற்றிச் சொன்னவை பொருந்தா. ஜோடி சேராமல் இருக்கும் வரை அது கட்டளைகளைக் கேட்கும். வேகம் வழக்கமாக 9600. சீரியல் மானிட்டரில் `No line ending` தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டளைகளில் சமக்குறி இல்லை: `AT+NAMETHOTTAM`, `AT+PIN4826` என்று ஒட்டியே எழுத வேண்டும். வரி முடிவு இல்லாததால் சிறிது நேரம் எழுத்து வராவிட்டால் கட்டளை முடிந்தது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே முழுக் கட்டளையையும் ஒரே தடவையில் அனுப்புங்கள்.

கைப்பேசி வேண்டாம். இரண்டு ஊனோக்கள் தங்களுக்குள் பேச வேண்டும். முயன்றேன், `AT+BIND` பிழை தருகிறது.

இரண்டில் ஒன்று அழைப்பதாகவும் மற்றொன்று காத்திருப்பதாகவும் இருக்க வேண்டும். காத்திருக்கும் மாட்யூலில் `AT+ADDR?` என்று கேட்டு அதன் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே கடவு எண்ணை வையுங்கள். முகவரி `98d3:31:f5a2c1` என்று வந்ததாக வைத்துக்கொண்டால், அழைக்கும் மாட்யூலில்:

```
AT+ROLE=1
AT+CMODE=0
AT+BIND=98d3,31,f5a2c1
```

பிழைக்குக் காரணம் பெரும்பாலும் அந்த இரண்டு புள்ளிகள். மாட்யூல் முகவரியைச் சொல்லும்போது முக்காற்புள்ளியிட்டுச் சொல்கிறது. வாங்கும்போது காற்புள்ளிதான் வேண்டும் என்கிறது. அப்படியே நகலெடுத்து ஒட்டினால் ஏற்காது. மூன்று கட்டளைகளுக்கும் `OK` வந்த பிறகு இரண்டு மாட்யூல்களையும் சாதாரணமாக, பொத்தானைத் தொடாமல், அணைத்துப் போடுங்கள். சில விநாடிகளில் இரண்டின் விளக்குகளும் வேகமாக மின்னுவதை விட்டு, அடுத்தடுத்து இரண்டு முறை மின்னிக் கொஞ்சம் நிறுத்தத் தொடங்கும். அப்போது இணைப்பு அமைந்துவிட்டது.